எடைக்கு முப்பது, எண்ணிக்கைக்கு எழுபத்தொன்று

தன் ஊரைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண்ணை நாயகியாக வைத்து எழுதப்படும் சிறுகதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்கின்றன. ஊருக்குப் பாதகமான ஒரு உண்மையை அவள் கண்டுபிடிக்கிறாள். சொல்வதா, மறைப்பதா? இரவெல்லாம் தூக்கமில்லை. கடைசியில் கோப்பை மூடுகிறாள், அல்லது துணிந்து நீட்டுகிறாள். கண்ணீர் எப்படியும் உண்டு. இந்தக் கதைகளில் எனக்கு ஒரு குறை. ஆராய்ச்சிக்காரர்களுக்கு அந்த மாதிரி ஒற்றை இரவு வாய்ப்பதே இல்லை. பொய் சொல்லும்படி அவர்களிடம் யாரும் வெளிப்படையாகக் கேட்பதுமில்லை. நாலைந்து வருடத்தில் ஐம்பது சின்ன முடிவுகள் எடுக்கவேண்டி வருகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வழிகள், எல்லாமே முறைப்படி சரியானவை. ஊர்ப்பாசம் புகுந்துகொள்வது அந்த இடங்களில்தான்.

அப்படி ஒரு கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். நடக்கும் இடம் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே ஒரு மீனவ ஊர். ஊருக்கும் அவளுக்கும் பெயர் வைக்கவில்லை. ஆனால் அவள் கையில் வரும் கணக்கு கற்பனை இல்லை. மீன்வள அறிவியலில் தினம் நடப்பது. அந்தக் கணக்கு புரிந்தால்தான் அவளுடைய சங்கடம் புரியும். அதனால் கதையை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் வலையைப் பார்ப்போம்.

சுருக்குமடி வலையைப் பலரும் செய்தியில் கேட்டிருப்பீர்கள். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி கூட்டமாக மேலடுக்கில் திரியும் மீன்களைச் சுற்றிவளைத்து, அடியில் ஓடும் கயிற்றை இழுத்துப் பையின் வாயைச் சுருக்குவதுபோல் மூடிவிடுவார்கள். கூட்டம் அகப்பட்டால் ஒரே வளைப்பில் டன் கணக்கில் மீன். ஒரு ஆள் காசில் இந்த வலை வராது. முப்பது நாற்பது குடும்பங்கள் பங்கு போட்டு வாங்கும். ஆளும் அவ்வளவு தேவை. அதனால் சுருக்குமடி என்பது இந்த ஊர்களில் வெறும் வலை அல்ல, கூட்டுக் கடன். தமிழக அரசு இதைத் தடை செய்து 2000-ல் ஆணை போட்டது. பிறகு 2022-லும் போட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையாக, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை இந்த வகை வலைகளைப் பயன்படுத்தலாம் என்றது. இதற்கிடையே 2020, 2021 ஆண்டுகளில் இந்தக் கரையில் வலைக்கு ஆதரவாக ஒரு ஊரும் எதிராகப் பக்கத்து ஊரும் போராடின. சில இடங்களில் ஒரே ஊருக்குள் இரண்டு தரப்பு.

என் கதையின் நாயகி சுருக்குமடி ஊர்க்காரி. அவள் சித்தப்பாவுக்கு ஒரு வலையில் பங்கு உண்டு. அந்தப் பங்குப் பணத்தில்தான் அவளுடைய விடுதிக் கட்டணம் போயிற்று. கடல்வாழ் உயிரியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறாள். ஆய்வுக் கேள்வி ரொம்ப எளிமையானது: இந்த வலையில் வரும் மத்தியில் எவ்வளவு குஞ்சு?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவது கரையில் நடக்கும் வேலை. விடியற்காலை படகு வந்து மீனைக் கொட்டுகிறது. ஏலம் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் சில நிமிடங்களில் மாதிரி எடுக்கவேண்டும். கூடையின் மேற்பரப்பிலிருந்து ஒரு கை அள்ளினால் கதை கந்தல். ஏலக்காரன் கண்ணுக்குப் படவேண்டும் என்று மேலே பெரிசும் அடியில் பொடிசும் போடுவது எந்தக் கரையிலும் நடப்பது. அதனால் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்தும், ஒன்றுக்கு மேற்பட்ட கூடைகளிலிருந்தும் எடுத்துக் கலந்து, அதில் ஒரு பங்கை அளக்கிறாள். அளக்கும் பலகையில் மூக்கு நுனி ஒரு பக்கம் முட்டவேண்டும், வால் நுனி விழும் இடத்தைப் படிக்கவேண்டும். 9, 9, 10, 16, 9, 15. இன்னொரு கை எழுதிக்கொண்டே போகிறது. சிலவற்றை ஐஸில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கீறி, சினை முற்றியிருக்கிறதா என்று பார்க்கிறாள். ஒரு அளவில் பாதி மீன்களாவது முதிர்ந்திருந்தால் அதை முதிர்ச்சி நீளம் என்பார்கள். நெய்மத்திக்கு அது ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். அதற்குக் கீழே இருப்பது ஒருமுறைகூட முட்டை போடாமல் வலைக்கு வந்த மீன்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு நாள் மாதிரியைக் கூட்டிப்பார்த்தால் நூறு கிலோ மீனில் 30 கிலோ பொடிசு, 70 கிலோ பெரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொடிசு ஏறக்குறைய 9 சென்டிமீட்டர், பெரிசு 16. நீளத்தில் பெரிசு பொடிசைவிட இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் நீளம் கூடும்போது அகலமும் கனமும் சேர்ந்து கூடுவதால் எடை ஏறக்குறைய ஆறு மடங்காகிவிடுகிறது. 9 சென்டிமீட்டர் மத்தி 6 கிராம் தேறும். 16 சென்டிமீட்டர் மத்தி 35 கிராம். ஆகவே 30 கிலோ பொடிசு என்றால் 5,000 மீன். 70 கிலோ பெரிசு என்றால் 2,000 மீன். மொத்தம் ஏழாயிரத்தில் ஐயாயிரம் குஞ்சு.

எடையில் சொன்னால் 30 சதவீதம். எண்ணிக்கையில் சொன்னால் 71 சதவீதம்.

இரண்டும் உண்மை. மீன்வளத் துறை மொத்த மீன்பாட்டைப் போடுவது டன்னில். ஆகையால் எடை சரியான அளவு என்று அவள் வாதிடலாம். நாளைக்கு முட்டை போட எத்தனை உயிர் மிஞ்சும் என்பதுதான் கேள்வி என்றால் எண்ணிக்கைதான் சரியான அளவு என்றும் வாதிடலாம். ஆய்வுச் சுருக்கத்தில் ஒரு எண்ணுக்குத்தான் இடம். தினசரியில் தலைப்பாகப் போவதும் அந்த ஒரு எண்தான். "சுருக்குமடி மீன்பாட்டில் முப்பது சதவீதம் குஞ்சு" என்று எழுதினால் ஊர் மூச்சுவிடும். "பத்துக்கு ஏழு மீன் குஞ்சு" என்று எழுதினால் அடுத்த மாதம் வலையைப் பறிமுதல் செய்யவரும் அதிகாரி அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பார். எதை எழுதினாலும் அவளைப் பொய்க்காரி என்று யாரும் சொல்லமுடியாது. கதையின் முடிச்சு இது. சித்தப்பா பொய் எழுதச் சொல்லவில்லை. "அந்த முப்பதையே போடேன் பாப்பா" என்கிறார். அவ்வளவுதான்.

கோட்டை எங்கே கிழிப்பது என்பதும் இதே மாதிரிதான். கேரளம் 2015-ல் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவை அறிவித்தபோது மத்திக்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்தது. முதிர்ச்சி நீளமோ 15. நடுவில் இருக்கும் 12, 13 சென்டிமீட்டர் மீன்களை என்ன சொல்வது? கேரளச் சட்டப்படி அவை பிடிக்கத்தக்கவை. உயிரியல்படி வயதுக்கு வராதவை. மேலே சொன்ன கணக்கில் எளிமைக்காக இரண்டே அளவுகள் வைத்தேன். நிஜக் கூடையில் நடு அளவு மீன் நிறைய இருக்கும். பத்தில் கோடு போட்டால் குஞ்சுக் கணக்கு இறங்கும், பதினைந்தில் போட்டால் ஏறும். மீன் மாறவில்லை, கடல் மாறவில்லை. கோடு மட்டும் நகர்ந்தது.

நெறியாளர் ஒரு நல்ல மனிதர் என்றுதான் வைத்திருக்கிறேன். வில்லன் வைத்தால் கதை சுலபமாகிவிடும். அவருக்கும் இந்த ஊர்மேல் பரிவு உண்டு. தரவைப் பார்த்துவிட்டு, "இந்த மூணு நாள் ரொம்ப ஏறுமாறா இருக்கும்மா. குஞ்சுக் கூட்டத்துக்குள்ள வலையப் போட்டிருக்காங்க. சராசரியையே இழுத்துடுது. எடுத்துடலாமே" என்கிறார். விலகி நிற்கும் எண்களை நீக்குவது புள்ளியியலில் நடைமுறைதான். ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தராசு பழுது, மழையில் தாள் நனைந்தது, அளந்தவர் மாறிவிட்டார் என்று அளவையிலேயே கோளாறு இருந்தால் நீக்கலாம். அல்லது என்ன மாதிரி நாளை நீக்குவோம் என்பதை, எண்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்திருக்கவேண்டும். விடையைப் பார்த்துவிட்டு, பிடிக்காத நாளைத் தேடி நீக்குவது வேறு. இங்கே அளவையில் கோளாறே இல்லை. குஞ்சுக் கூட்டத்துக்குள் வலை விழுந்த நாள் என்பது, அவள் தேடிக்கொண்டிருந்ததே நடந்த நாள். அதை நீக்கினால் எஞ்சுவது சராசரியான ஊர் அல்ல, ஊருக்குப் பிடித்த ஊர்.

சரி, அந்த நாட்களை வைத்துக்கொள்கிறாள். இத்தோடு அவள் நேர்மையானவள், ஊர் தப்பு என்று முடித்துவிடலாம். பல கதைகள் இங்கேதான் முடியும். ஆனால் ஊர் சொல்லும் பதிலையும் ஒரு விஞ்ஞானியின் காதோடு கேட்கவேண்டும்.

ஊர் சொல்வது இது: "குஞ்ச நாங்க மட்டுமா புடிக்கிறோம்? இழுவைமடிக்காரன் அடியோட வாரிக்கிட்டுப் போறானே, அவன எவன் அளந்தான்?" இதில் நியாயம் கொஞ்சம் அல்ல, நிறைய இருக்கிறது. விசைப்படகின் இழுவைமடி கடல் தரையை ஒட்டி இழுத்துவருவதில், விலை போகாத பொடி மீனெல்லாம் கழசல் என்று ஒதுக்கப்பட்டு, மீன் தூள் ஆலைக்கும் கோழித் தீவன ஆலைக்கும் போகிறது. அந்தக் கழசலில் நல்ல இன மீன்களின் குஞ்சும் கலந்திருக்கும். 1983-ம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய கடல் நாட்டுப் படகுகளுக்கானது. விசைப்படகு அதற்குள் வரக்கூடாது. வருகிறது என்பது கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு நிற்கிறதே என்றால், மிச்ச பத்து மாதத்தைக் கேள் என்பார்கள்.

அப்படியானால் அவள் ஏன் விசைப்படகை அளக்கவில்லை? இந்தக் கேள்விக்கான விடைதான் முழுக் கதையிலும் என்னை அதிகம் உறுத்துவது. துறைமுகத்தில் அவளை உள்ளே விடவில்லை. ஒரு முறை போனாள். படகு உரிமையாளரின் ஆள் யாரென்று விசாரித்தான், அனுமதிக் கடிதம் கேட்டான், ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம் போகவிடவில்லை. சொந்த ஊரிலோ, "நம்ம வீட்டுப் புள்ள படிக்குது" என்று கூடையைக் கவிழ்த்துக் காட்டினார்கள். வெயில் ஏறியதும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவளிடம் தன் ஊரின் எண்கள் குவிந்திருப்பதற்குக் காரணம் ஊர் அதிகம் தப்பு செய்தது அல்ல. ஊர் கதவைத் திறந்துவைத்தது. நம்பிக் காட்டியவன் தரவாகிறான், விரட்டியவன் அட்டவணையிலேயே இல்லை. வெளியாள் ஒருவர் வந்து ஆராய்ந்தாலும் ஏறக்குறைய இதுதான் நடக்கும். ஏழை ஊர்களைப் பற்றி இவ்வளவு ஆய்வேடுகள் இருப்பதற்கும், ஏற்றுமதிக் கம்பெனிகளைப் பற்றி அவ்வளவு இல்லாமல் இருப்பதற்கும் இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆனாலும் விசைப்படகை அளக்கமுடியவில்லை என்பதால் சுருக்குமடியில் வந்த ஐயாயிரம் குஞ்சு பெரிய மீனாகிவிடாது. அவள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆய்வேட்டில் ஒரு பத்தி, தலைப்பிலோ சுருக்கத்திலோ ஒரு சொற்றொடர்: இது ஒரே ஊரின் ஒரே வகை வலையில் எடுத்த கணக்கு, விசைப்படகுகளின் மீன்பாட்டை அளக்க அனுமதி கிடைக்கவில்லை, ஆகையால் எந்த வலை அதிகக் கேடு என்று இதை வைத்து ஒப்பிடமுடியாது. இதைப் பலர் கடைசி அத்தியாயத்தின் மூலையில் 'வரையறைகள்' என்று ஒதுக்கிவிடுவார்கள். அங்கே வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள். அட்டவணைக்குத் தலைக்கு மேலேயே வைத்தால், எண்ணை எடுத்துக்கொண்டு ஓடுபவன் அதையும் கடந்துதான் ஓடவேண்டும்.

இன்னொரு வரம்பும் அவளுக்கு உண்டு. குஞ்சு வருகிறது என்பது கண்டறிந்தது. குஞ்சைப் பிடித்ததால் கடலில் மத்தி குறைந்தது என்பது அதிலிருந்து தாவும் முடிவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி. மத்தி இரண்டு மூன்று வருடம் வாழும் மீன். கடலின் வெப்பம், மழை, அது தின்னும் நுண்ணுயிர்களின் பெருக்கம் இவற்றைப் பொறுத்துத் தானாகவே ஏறி இறங்கும் இனம். கேரளத்தில் 2012-ல் ஏறக்குறைய நான்கு லட்சம் டன் கிடைத்த மத்தி 2021-ல் 3,297 டன்னாக விழுந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதற்குக் காரணம் சொன்னபோது அளவுக்கு மீறிய பிடிப்போடு எல் நினோ போன்ற கடல் மாற்றங்களையும் சேர்த்தே சொன்னது. நான்கு லட்சம் மூவாயிரமாகும் வீழ்ச்சியிலேயே ஒற்றைக் குற்றவாளியைப் பிடிக்கமுடியவில்லை. ஒரு ஊர்க் கரையில் அளந்த மாதிரியை வைத்து, "இந்த வலையால்தான் கடல் காலி" என்று அவள் எழுதினால் அதுவும் நேர்மைக் குறைவே. ஊருக்கு விசுவாசமாக இருப்பதற்காக எண்ணைக் குறைப்பது ஒரு சறுக்கல். ஊருக்கு விசுவாசமானவள் என்று பெயர் வந்துவிடுமோ எனப் பயந்து முடிவை ஊதிப் பெரிதாக்குவது அடுத்த சறுக்கல். இரண்டாவதைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை. ஆனால் சொந்தச் சமூகத்தை ஆராய்பவர்களிடம் அது அடிக்கடி வரும். "நீ உங்க ஆளுங்கள விட்டுக்கொடுக்கமாட்டியே" என்று துறையில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் போதும், அடுத்த வரைவில் சொற்கள் கடுமையாகிவிடும்.

இந்தச் சங்கடம் நம் கரைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் நாவலாசிரியராகத்தான் பேர் பெற்றார். ஆனால் மானிடவியல் படித்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, முடிக்காமல் விட்டார். 1927-ல் அலபாமாவில் கட்ஜோ லூயிஸ் என்ற முதியவரைச் சந்தித்தார். ஆப்பிரிக்காவிலிருந்து 1860-ல் 'குளோடில்டா' என்ற கப்பலில் திருட்டுத்தனமாகக் கொண்டுவரப்பட்டவர்களில் அவர் ஒருவர். தன் ஊரைத் தாக்கிச் சிறைபிடித்து வெள்ளையருக்கு விற்றது தகோமி என்ற ஆப்பிரிக்க அரசின் படை என்று அவர் விவரித்தார். அடிமை வியாபாரத்தின் குற்றத்தை வெள்ளையர் தலையில் மட்டுமே கண்டு வளர்ந்த ஹர்ஸ்டனுக்கு, தன் இனத்தாரே பிடித்து விற்றார்கள் என்பது மிகவும் உறுத்தியது; பிறகு தன்வரலாற்றிலும் அதைச் சொல்லியிருக்கிறார். அவர் அதை மறைக்கவில்லை. முதியவர் சொன்னதை அவர் பேசிய கொச்சையிலேயே எழுதினார். பதிப்பாளர் அந்தப் பேச்சு நடையை மாற்றச் சொன்னபோது மறுத்தார். 1931-ல் முடிந்த கையெழுத்துப் பிரதி 'பாரக்கூன்' என்ற நூலாக வெளிவந்தது 2018-ல். அப்போது அவர் இறந்து ஐம்பத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. விற்றவன் ஆப்பிரிக்கன் என்று எழுதியதால் வாங்கியவன் குற்றம் அந்த நூலில் ஒரு துளியும் குறையவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்திருந்தார்.

மறுபடி நம் கரைக்கு. ஊரின் பெயரை மறைத்துவிட்டால் பிரச்சினை தீராதா என்று கேட்கலாம். ஆய்வேட்டில் ஊருக்கு 'அ' என்றோ 'கிராமம் 1' என்றோ பெயர் வைப்பது வழக்கம். ஆனால் இந்தக் கரையில் சுருக்குமடி வைத்திருக்கும் ஊர்கள் எவை என்று எல்லோருக்கும் தெரியும். ஆய்வாளரின் சொந்த ஊர் எது என்று நன்றியுரையைப் படித்தாலே தெரிந்துவிடும். "கடலில் உழைத்து என்னைப் படிக்கவைத்த சித்தப்பாவுக்கு" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் 'கிராமம் 1' என்றால் யார் நம்புவார்கள்? போதாததற்கு, பட்டம் பெறும் ஆய்வேட்டை மின்வடிவில் கொடுக்கவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதித்திருக்கிறது. அது 'சோத்கங்கா' என்ற பொதுக் களஞ்சியத்துக்குப் போகிறது. முன்பெல்லாம் ஆய்வேடு நூலகத்தின் தூசியில் பத்திரமாக இருந்தது. இப்போது வழக்கறிஞர் ஒருவர் தன் கைப்பேசியிலேயே தேடி எடுத்துவிடலாம்.

'ஊர்' என்று இதுவரை ஒரே குரலாகப் பேசிவிட்டேன். அப்படி ஒரு குரல் கிடையாது. சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த டச்சு அறிஞர் மார்ட்டன் பாவிங்க் ஒன்றை எழுதியிருக்கிறார்: கேடு என்று கருதிய சில வலைகளுக்கு அரசு சொல்லாமலேயே இந்தப் பஞ்சாயத்துகள் தாமே தடை போட்டிருக்கின்றன. வலைக்கு எதிரான குரல் வெளியிலிருந்து வருவது மட்டுமல்ல, உள்ளேயே இருக்கிறது என்பது இதிலிருந்து தெரியும். என் கதையில் பங்குதாரர்கள் ஒரு பக்கம். பைபர் படகில் இரண்டு மூன்று பேராகச் சின்ன வலை போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். அவர்களுக்குச் சுருக்குமடி வந்த நாள் கடலில் மீன் மிஞ்சாது. மூன்றாவது, கூடைக்காரப் பெண்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன் ஊரில் வாசித்துக் காட்டுவது என்று அவள் முடிவெடுத்த காட்சியில் நான் அதிக நேரம் நிற்கிறேன். கோயில் திடலில் ஆண்கள் முன்னால், பெண்கள் ஓரமாக. அவள் சதவீதம் சொல்கிறாள். முதலில் பேசுகிறவள் ஒரு கிழவி: "இத அளந்துதான் தெரியணுமா? மூணு வருஷமா கூடை வெல என்னான்னு என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." பொடி மத்தியை வீட்டுவீட்டுக்குக் கொண்டுபோய் விற்கமுடியாது; காயப்போட்டுக் கருவாடாக்கி அரை விலைக்குக் கொடுக்கவேண்டும், அல்லது தீவனத்துக்குத் தள்ளவேண்டும். அவள் கணக்குப்புத்தகம் வைத்திருக்கவில்லை. ஆனால் பொடிசு அதிகமான மாதம் எது என்று மாதம் சொல்லி, அந்த மாதம் யார் வீட்டில் என்ன விசேஷம் நடந்தது என்பதோடு சேர்த்துச் சொல்கிறாள். ஆய்வு மாணவியின் வரைபடத்தில் மேடு எழும்பிய மாதங்களும் அவையே.

அப்போது சித்தப்பா எழுந்து கேட்பதை நான் நாலைந்து விதமாக எழுதிப்பார்த்தேன். கோபப்படவைத்தேன், அழவைத்தேன், பெருமைப்படவும் வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. இப்போது இருப்பது இது.

"அந்த அட்டவணையில விசைப்படகுக்கு ஒரு வரிசை காணமே?"

"என்ன உள்ள விடல சித்தப்பா."

"அப்ப அந்த வரிசையப் போட்டு, விடலன்னு எழுது. வெத்துக் கட்டமா இருக்கட்டும்."

இது அவள் யோசிக்காதது, நானும் யோசிக்காதது. அளக்காததை அட்டவணையில் காட்டும் வழக்கம் இல்லை. ஆனால் காட்டக்கூடாது என்று விதியும் இல்லை. மாதிரி எடுக்கத் திட்டமிட்ட இடங்கள், அனுமதி கிடைத்தவை, மறுக்கப்பட்டவை என்று அட்டவணை போட்டால் தேர்வாளர் அதைக் குறையாகச் சொல்லமாட்டார், கேள்வி வேண்டுமானால் கேட்பார். அவள் போடுகிறாள். எடை, எண்ணிக்கை என்று இரண்டு பத்திகள். சுருக்குமடிக்கு நேரே 30, 71. விசைப்படகுக்கு நேரே 'அனுமதி மறுக்கப்பட்டது'. கோட்டை பத்தில் போட்டால் என்ன, பதினைந்தில் போட்டால் என்ன என்பதும் அடுத்த அட்டவணையில். சுருக்கத்தில் ஒரே வாக்கியத்தில் இரண்டு எண்களும்.

வாய்மொழித் தேர்வை நான் எழுதப்போவதில்லை. பின்வரிசையில் வீட்டார் வந்து உட்காருவது, கைதட்டுவது, இனிப்பு கொடுப்பது எல்லாம் வாசகர்களுக்குத் தெரியும். கதை அதற்கு எட்டு மாதம் கழித்து வழக்கு மன்றத்தில் ஒரு அரைப் பக்கம் நடக்கிறது. வலைக்குத் தடை கேட்கும் தரப்பு அவளுடைய ஆய்வேட்டிலிருந்து 71-ஐ எடுத்துவைக்கிறது. வலைக்கு அனுமதி கேட்கும் தரப்பு அதே பக்கத்திலிருந்து 30-ஐ எடுத்துவைக்கிறது. மூன்றாவதாக ஒரு இளம் வழக்கறிஞர், பைபர் படகுக்காரர்கள் சார்பில் வந்தவர், அந்த வெற்றுக் கட்டத்தைக் காட்டி, விசைப்படகுகளின் மீன்பாட்டை அளக்க மீன்வளத் துறைக்கு உத்தரவிடவேண்டும் என்று கேட்கிறார். நீதிபதி என்ன சொன்னார் என்பதை இன்னும் எழுதவில்லை. வழக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினால்தான் நம்பும்படி இருக்கும் என்று தோன்றுகிறது.